மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?

பாபநாசத்தில் ஒரு தோட்டம் காய்ந்துபோனது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குடமுருட்டி பக்கத்தில் ஓடுகிறது, சுற்றிலும் வயல், எங்கே தோண்டினாலும் ஈரம் என்பது அவர்கள் மனதில் இருக்கும் தஞ்சாவூர். ஆனால் டெல்டாவின் ஈரத்துக்கு நாட்காட்டி உண்டு. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அதற்குப் பிறகு ஆற்றில் மணல்தான். மார்ச் மாதத்தில் களிமண் வயல்களில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். பள்ளித் தோட்டங்கள் செத்துப்போவது பெரும்பாலும் அந்த நான்கு மாதத்தில்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது புதிதாகக் கன்று நடுவார்கள். அடுத்த வருஷமும் இதே கதை.

நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட முன்மொழிவுகளை வாசிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு முன்மொழிவின் முன்னாலும் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கும். பணம் கொடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கிறார்கள். பின்னால் இருபது பக்கம் இருந்தாலும் அது ஒரு தைரியத்துக்கு. அதனால்தான் ஊரில் நான் படித்த பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் ஒரு பக்கச் சுருக்கம் எழுதியிருப்பதாகவும், பார்த்துத் தர முடியுமா என்றும் அறிவியல் டீச்சர் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் முடிய ஏழு வாரம் ஆனது.

நாடு முழுக்கப் பள்ளிகளில் இந்த மன்றங்கள் தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் 2001 வாக்கில் பரவத் தொடங்கின. கைக்கு வரும் தொகை சில ஆயிரங்கள். அதற்குள் தோட்டம் போட வேண்டும். இந்தப் பிள்ளைகள் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்கப்போவது 5,000 ரூபாய். குழுவில் பெற்றோர்கள், உள்ளாட்சி உறுப்பினர், தலைமையாசிரியர் எல்லாரும் இருப்பார்கள். இவர்களில் சிலர் ஏற்கெனவே மூன்று முறை அந்தத் தோட்டத்துக்குக் கன்று வாங்கிக் கொடுத்தவர்கள்.

பிள்ளைகள் எழுதியிருந்த முதல் வரைவு புவி வெப்பமயமாதலில் தொடங்கியது. மரங்கள் மனிதனின் நண்பன் என்றது. பிறகு நடப்போகும் செடிகளின் பட்டியல்: கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கீரை ஐந்து வகை, ரோஜா, செம்பருத்தி, பப்பாளி, வாழை. மொத்தம் 24 பாத்திகள். கடைசி வரியில், “மாணவிகள் தினமும் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பார்கள்.”

நான் ஒன்றுதான் கேட்டேன். “ஏன் காஞ்சுச்சு?”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “தண்ணி ஊத்தலக்கா” என்றான் ஒருவன். பின்னால் இருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “ஊத்துனேன்க்கா. எவ்வளவு ஊத்துனாலும் நிக்கல” என்றாள். பள்ளிக்குப் பின்தெருவில் வீடு. போன மே மாதம் முழுக்க வீட்டுக் குழாயில் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகத்தான் செய்திருக்கிறாள். நடுவில் பத்து நாள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஒன்றுகூட மிச்சமில்லை.

அவள் சொன்ன ‘நிக்கல’ என்ற சொல்லில்தான் முழுத் திட்டமும் இருந்தது. தோட்டம் காய்ந்தது என்பது செய்தி. ஏன் காய்ந்தது என்பது இல்லாமல் போட்டால் அந்தப் பக்கம் வெறும் விண்ணப்பமாகத்தான் இருக்கும். அதனால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குழி தோண்டச் சொன்னேன்.

செய்முறை எளிது. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். அதில் ஏறத்தாழ 28 லிட்டர் பிடிக்கும். நம் கணக்கில் இரண்டு குடம். முதல் முறை நிரப்பி வடிய விட வேண்டும், ஏனென்றால் காய்ந்த மண் முதலில் தன் தாகத்துக்குக் குடித்துவிடும். இரண்டாம் முறை நிரப்பி நேரம் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வடிந்தால் காய்கறிக்கு நல்ல மண். மறுநாள் வரை நின்றால் வேர் அழுகும். கண் முன்னாலேயே இறங்கினால் கீழே மண் இல்லை என்று அர்த்தம்.

வாசல் பக்கம் தோண்டிய குழியில் தண்ணீர் பத்து நிமிஷத்தில் காணாமல் போனது. தோண்டும்போதே ஓட்டுத் துண்டும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வந்தன. பழைய ஓட்டு வகுப்பறைகளை இடித்தபோது அந்த இடிபாட்டை அங்கேயே பரப்பி மேலே ஒரு சாண் மண் போட்டு மூடியிருக்கிறார்கள். பின்பக்கம் புங்க மரத்துக்கு அருகில் தோண்டிய குழியில் மத்தியானம் ஊற்றிய தண்ணீர் கடைசி மணி அடிக்கும்போதுதான் வடிந்து முடிந்தது. அந்த மண்ணை ஈரமாக்கிக் கையில் பிசைந்தால் உருண்டையாகிறது, கட்டைவிரலால் தள்ளினால் நாடா மாதிரி நீள்கிறது. சரியான வண்டல் களி.

அப்படியானால் மூன்று முறையும் ஏன் வாசல் பக்கமே நட்டார்கள்? டீச்சர்தான் பதில் சொன்னார். “ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுல படணும்ல.” மேல்மண்ணில் நட்ட கன்று ஜூன் ஜூலையில் தழைக்கும். வேர் இடிபாட்டைத் தொட்டதும் நிற்கும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். அந்தப் பெண் மே மாதம் முழுக்கச் செய்தது அதுதான். குடம் குடமாக ஓட்டுச் சல்லிக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதுவரை செடிகள் செத்ததற்குத் தான் அத்தை வீட்டுக்குப் போனதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்து தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நம் பக்கத்துக் கோடையில் இலை மூடிய காய்கறிப் பாத்தி நாளுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் குடிக்கும். தோட்டம் 40 அடிக்கு 30 அடி, ஏறத்தாழ 110 சதுர மீட்டர். முழுக்க நட்டால் தினம் 550 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 36 குடத்துக்கு மேல். பலகையில் இதைப் போட்டதும், “மாணவிகள் தினமும் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பார்கள்” என்ற வரியை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“யாரு தூக்குறது?” என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். பையன்கள் பாத்தி கட்டுவார்கள், பெண்கள் ஊற்றுவார்கள் என்பது யாரும் பேசி முடிவு செய்ததில்லை. வீட்டில் அப்படித்தான் என்பதால் தாளிலும் அப்படியே வந்துவிட்டது. பாத்தி கட்டுவது ஒரு நாள் வேலை. ஊற்றுவது வருஷம் முழுக்க. இப்படி ஒரு வரியில் ஒளிந்திருக்கும் உழைப்பை எண்ணில் எழுதினால்தான் வெளியே தெரியும்.

சரி, தூக்காமல் வரும் தண்ணீர் எது? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 180 பேர் தட்டுக் கழுவும் தண்ணீர். அது சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் வாளி வைத்துப் பிடித்து அளந்தார்கள். சுமார் 100 லிட்டர். நாளுக்கு 5 லிட்டர் வீதம் அது 20 சதுர மீட்டருக்குத்தான் போதும். நாலடி அகலம் பத்தடி நீளப் பாத்தி ஒன்று ஏறத்தாழ 3.7 சதுர மீட்டர். ஐந்து பாத்திகள். இருபத்துநான்கு ஐந்தானபோது சில பையன்கள் சோர்ந்துபோனார்கள். ரோஜா போய்விட்டதே என்று ஒருத்திக்கு வருத்தம். “நம்ம தோட்டத்துக்குச் சாமி பாலைவனநாதர்தான்” என்றான் ஒருவன். திருப்பாலைத்துறைக் கோயில் சாமியின் பெயரில் இருப்பது பாலை மரங்களின் வனம், பாலைவனமல்ல. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள்.

தட்டுக் கழுவிய தண்ணீரிலும் சிக்கல் உண்டு. பருக்கை குழாயை அடைக்கும், அதனால் வாயில் கொசுவலைத் துணி கட்டி தினமும் உதற வேண்டும். தேக்கி வைத்தால் ஒரே நாளில் நாறும், கொசு வரும், ஆகவே அன்றைய தண்ணீர் அன்றே பாத்திக்குப் போக வேண்டும். சாம்பார் உப்பு மெல்லச் சேரும். இலை ஓரம் கருகினாலோ, காய்ந்த மண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும். சனி, ஞாயிறு தண்ணீர் வராது. களிமண் மேல் வைக்கோல் மூடாக்கு இருந்தால் இரண்டு நாளை அது தாங்கும்.

எல்லாம் சரியாக வருகிறது என்று நினைத்தபோது, நான் வேலை பார்க்கும் இடத்தில் எந்தத் தோட்டத் திட்டத்திலும் முதலில் தேடும் கேள்வியைக் கேட்டேன். மே மாதம்?

பிள்ளைகள் இல்லை, சாப்பாடு இல்லை, தட்டு இல்லை. வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அந்தத் தண்ணீர் சுத்தமாக நிற்கிறது. தேவையும் வரத்தும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இதைக் குடம் தூக்கிச் சரிசெய்ய முடியாது. சென்ற வருஷம் ஒருத்தி முயன்று பார்த்துவிட்டாள்.

இதற்கு வழி சொன்னது நானல்ல. ஒரு பையனின் தாத்தா, குத்தகைக்கு மூன்று மா பார்ப்பவர், பேரனைக் கூப்பிட வந்தவர் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “கோடையில வயல்ல என்ன செய்யிறோம் தம்பி? ஒண்ணும் செய்யிறதில்ல. தாளடி அறுக்குறதுக்கு முன்னாடியே உளுந்த தெளிச்சிருவோம், அது இருக்குற ஈரத்துலயே வந்துட்டுப் போயிரும். அப்புறம் மண்ணு தூங்கட்டும்னு விட்டுருவோம்.” டெல்டா இவ்வளவு காலமாகச் செய்வது அதுதான். வறண்ட மாதத்தோடு சண்டை போடுவதில்லை. அதற்கு முன்பே அறுவடையை முடித்துக்கொள்கிறது. ஆனால் பள்ளித் தோட்டங்கள் மட்டும் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே ஐந்து பாத்திக்கும் ஒரு நாட்காட்டி போட்டோம். ஜூன் நடுவில் தக்கைப்பூண்டு விதைப்பது; சுமார் 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் புதைப்பது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995இல் தொடங்கிவைத்த பள்ளித் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. அங்கேயும் தார்த்தளத்தை உடைத்தெடுத்த நிலத்தில் முதலில் போட்டது காய்கறி அல்ல, மண்ணைத் தேற்றும் மூடுபயிர்தான் என்று சொன்னபோது பையன்களுக்கு ஒரு சந்தோஷம். ஆகஸ்ட் நடுவில் வெண்டை, கொத்தவரை, கீரை. மழையில் அழுகாமல் இருக்கப் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுவது. பொங்கல் கழிந்ததும் உளுந்து. எழுபது நாளை ஒட்டி, முழுப்பரீட்சைக்கு முன் பறித்துவிடலாம். ஏப்ரலில் வைக்கோல் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போவது. மே மாதத்தில் பாத்திகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை.

வாசல் பக்கத்து இடிபாடு? அதையும் விடவில்லை. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அழுகும் முருங்கை, வடிகிற இடத்தில் நன்றாக வரும். சீத்தாவும் கல்லையும் சுண்ணாம்பையும் பொறுத்துக்கொள்ளும். நான்கு முருங்கை, நான்கு சீத்தா. ஒவ்வொன்றுக்கும் இரண்டடிக் குழி தோண்டி, பின்பக்க மண்ணும் எருவும் போட்டு, கன்றுக்கு அருகில் எட்டு லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைப்பது. பூச்சில்லாத பானையின் சுவர் வழியே தண்ணீர் கசியும். சுற்றி உள்ள மண் காயக் காய அது இழுத்துக்கொள்ளும். வாயை ஓட்டால் மூடினால் வெயில் குடிக்காது. நான்கு நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். மொத்தம் 64 லிட்டர், நாலு குடமும் கொஞ்சமும்.

விடுமுறை 45 நாள் என்று வைத்தால் பன்னிரண்டு முறை நிரப்ப வேண்டும். அந்தப் பின்தெருப் பெண் உடனே, “நான் பாத்துக்குறேன்க்கா, என் பேரப் போட்டுருங்க” என்றாள். வேண்டாம் என்றேன். ஒருவரின் நல்ல மனசை நம்பி எழுதிய திட்டம், அவர் ஒரு கல்யாணத்துக்குப் போனால் முடிந்துவிடும். அதைவிட, அந்தப் பாரத்தை இன்னொரு முறை அவள் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. பன்னிரண்டு முறைக்குப் பன்னிரண்டு ஜோடிகள். ஜோடியில் ஒரு பையன் இருந்தே ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பெண் சேர்த்தாள். ஒரு ஜோடிக்கு விடுமுறையில் ஒரே ஒரு நாள். அவளுக்கும் ஒரே ஒரு நாள்.

கடைசியில் பக்கம் இப்படி வந்தது:

“எங்கள் தோட்டம் மூன்று முறை காய்ந்தது. காரணம், வாசல் பக்கம் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே கட்டட இடிபாடு உள்ளது. தண்ணீர் பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பின்பக்க மண் நன்றாக உள்ளது. எனவே காய்கறியைப் பின்பக்கத்துக்கு மாற்றுகிறோம். தட்டுக் கழுவும் நீர் தினம் 100 லிட்டர் கிடைக்கிறது. அது ஐந்து பாத்திக்குப் போதும். ஐந்துக்கு மேல் போட மாட்டோம். ஏப்ரலில் பாத்திகளை மூடிவிடுவோம். முன்பக்கம் எட்டு மரக்கன்றுகளைப் பானைப் பாசனத்தில் வளர்ப்போம். மே மாதம் நான்கு நாளுக்கு ஒரு முறை நீர் நிரப்பும் பன்னிரண்டு ஜோடிகளின் பட்டியல் பின்புறம் உள்ளது. சாவி எதிர்க்கடையில் இருக்கும்.

செலவு: பானை எட்டு 720, குழாயும் வலையும் 1,500, எரு 1,200, மூங்கில் வேலி 1,100, விதையும் கன்றும் 250, கைச்செலவு 230. மொத்தம் 5,000 ரூபாய். வைக்கோலும் உழைப்பும் எங்களுடையது.

அடுத்த ஜூன் முதல் வாரம் எட்டில் ஆறு கன்றாவது உயிரோடு இருந்தால் திட்டம் வென்றது. இல்லையென்றால் மீண்டும் பணம் கேட்க மாட்டோம். ஏன் என்று எழுதித் தருவோம்.”

கடைசி வரியை நீக்கிவிடலாமா என்று டீச்சர் தயங்கினார். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. குழுக் கூட்டத்தில் அந்த வரிதான் வேலை செய்தது. முன்பு கன்று வாங்கிக் கொடுத்திருந்த ஒருவர் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு, “பின்னாடி போட்டா யாருக்கும் தெரியாதே” என்றார். “காய் தெரியும் சார்” என்றான் ஒரு பையன். பணம் இரண்டு தவணையாகத் தருவதாக முடிவானது: குழாயும் எருவும் முதலில், பானைகள் தைக்கு மேல்.

அந்த ஜூனில் எட்டில் ஐந்து கன்றுகள் இருந்தன. முருங்கை நான்கும் நின்றன, சீத்தாவில் ஒன்றுதான். ஐந்து என்பது ஆறு இல்லை. பிள்ளைகள் சொன்னபடி அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்: சீத்தாக் கன்றுகளை நட்டது தை முடிந்த பிறகு, மழைக்காலத்தில் நட்டிருந்தால் வேர் பானையைத் தேடிப் போயிருக்கும், பானை பிந்தியதால் நடவும் பிந்தியது. மே மாதப் பட்டியலில் பன்னிரண்டில் பதினொரு நாள் நிரப்பியிருக்கிறார்கள். விட்டுப்போனது யார் முறை என்றும் எழுதியிருந்தது. அந்த அரைப் பக்கத்தைத்தான் குழு இந்த முறை கேள்வி எதுவும் கேட்காமல் கோப்பில் வைத்துக்கொண்டது. மூன்று சீத்தாக் கன்றுகளுக்கான பணத்தை ஐப்பசிக்கு முன்பே தருவதாகவும் குறித்துக்கொண்டார்கள்.